கலராக இருந்தால் முன்வரிசையா?

திருச்சி அம்மா: மகள் நான்காம் வகுப்பு. ஆண்டு விழா நடனத்தில் கலராக இருக்கிற பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, இவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறாள். பள்ளியில் போய்க் கேட்கலாமா?

பழைய பஞ்சாங்கம்: கேட்டால் பிள்ளையைத்தான் குறி வைப்பார்கள். என்னை வீட்டில் கருவாயன் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஒன்றும் உடைந்து போகவில்லையே!

வெண்மதி: தினமும் "கறுப்புதான் அழகு" என்று சொல்லுங்கள், சரியாகிவிடும்.

பள்ளி ஆலோசகர்: ஐயா, உங்களைக் கருவாயன் என்ற அதே வாய் உங்களைக் கொஞ்சவும் செய்தது. இங்கே முடிவெடுத்தது ஆசிரியர். பிள்ளை அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறது. 1940களில் அமெரிக்காவில் உளவியலாளர்களான கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் மாறிய பொம்மைகளைக் காட்டினார்கள். பெரும்பாலோர் நல்ல பொம்மை என்று வெள்ளையைத்தான் காட்டினார்கள். அவர்களில் மூன்று வயதுக் குழந்தைகளும் உண்டு.

வெண்மதி சொல்வது பாதி சரி. ஆனால் எடுத்தவுடன் "நீ அழகுதான்" என்றால், அழுத காரணத்தைச் சொல்லவிடாமல் வாயை அடைக்கிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் பேச்சும் நிறத்திலேயே நிற்கும். "யார் என்ன சொன்னார்கள், உனக்கு எப்படி இருந்தது?" என்று முதலில் கேளுங்கள். தேய்த்துத் தோல் சிவக்கிறதா, பள்ளி நாளில் மட்டும் வயிறு வலிக்கிறதா, போட்டோவுக்கு ஒளிகிறாளா என்று பாருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இதெல்லாம் இருந்தால் குழந்தை மனநல நிபுணரைப் பாருங்கள்.

பள்ளியில் "ஏன் ஒதுக்கினீர்கள்?" என்று தொடங்கினால் மறுப்பார்கள். "வரிசையை எதை வைத்துப் பிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். உயரம் என்றால் அளந்து பார்க்கலாம். பாட்டின் நடுவே வரிசை மாறட்டும் என்றும் கேட்கலாம். பிள்ளை பெயரைச் சொல்லாமல் பொது விதியாகவே கேளுங்கள்.

கோவை ரேவதி: என் பொண்ணுக்கு 12 வயசு. மெடிக்கலில் கொடுத்த க்ரீமில் நல்லா வெளுத்தாள். இப்போது முகம் எரிகிறது என்கிறாள். வேறு நல்ல க்ரீம் எது?

பள்ளி ஆலோசகர்: அம்மா, இங்கே க்ரீம் பற்றிய பேச்சே இல்லை. ஆனாலும் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் வெளுத்த மாதிரி தெரியும், அப்புறம் தோல் மெலிந்து சிவக்கும். சட்டென்று நிறுத்தினாலும் எரிச்சல் கூடலாம். அதனால் எப்படி நிறுத்துவது என்று டாக்டரையே கேளுங்கள்.

திருச்சி அம்மா: போய்க் கேட்டேன். மேடை விளக்குக்கு எடுப்பாக இருக்கட்டும் என்றுதான் நிறுத்தினோம் என்றார் ஆசிரியை. வரிசை மாற்ற ஒப்புக்கொண்டார். ஆனால் மாமியார் நேற்றும், "வெயிலில் ஆடாதே, இன்னும் கறுத்துப்போவே" என்கிறார். இவரை என்ன செய்வது?

பழைய பஞ்சாங்கம்: பெரியவர்களைத் திருத்தப் போகாதீர்கள்.

வெண்மதி: ஏன் போகக்கூடாது? அவர் மகனே சொல்லட்டும்.