மாடியறை மிருதங்கமும் அம்மாவின் மெத்தைகளும்

சுந்தரி: பக்கத்து வீட்டு நர்ஸம்மா இரவுப் பணி முடித்து ஆறு மணிக்கு வந்து படுப்பவர். கார்த்திக் ஐந்தரைக்கே மாடியறையில் மிருதங்கத்தை எடுத்துவிடுகிறான். இன்று அவர் வாசலுக்கு வந்து, கோபமே படாமல், "என் தலைமாட்டில் வாசிப்பது போல இருக்கிறது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. மூவாயிரம் ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

பாலு: முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டிவிடுங்கள் அத்தை. முட்டைக் கடையில் சும்மாவே தருவார்கள்.

ரகு: மாப்பிள்ளை, பதினெட்டு வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அந்த அட்டையால் அடுத்த வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை. அது அறைக்குள் கிளம்பும் கீச்சொலியைக் கொஞ்சம் மழுக்கும். எடையே இல்லாததால் வெளியே போகும் ஓசையைத் தடுக்காது. தீப்பிடித்தால் பற்றி எரியும் என்பது வேறு. அக்கா, அந்த அறையில் இரும்புக் கம்பி போட்ட பழைய வெண்டிலேட்டர் இன்னும் திறந்தபடிதானே இருக்கிறது?

சுந்தரி: ஆமாம், அது அவர்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. நடுவில் நான்கடிச் சந்துதான்.

ரகு: ஓசை வெளியே போகும் வழி அதுதான். அந்தச் சுவர் நூறு சதுர அடி, வெண்டிலேட்டர் இரண்டு சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தனியாக ஏறத்தாழ 50 டெசிபல் வரை தடுக்கக்கூடியது. ஆனால் நூற்றில் இரண்டு பங்கு திறந்திருந்தால் சுவரை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் மொத்தத் தடுப்பு 17 டெசிபலைத் தாண்டாது. திறப்பில் பாதியை மூடினால் 3 டெசிபல்தான் கூடுதலாகக் கிடைக்கும், காதுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆகவே துணியைத் திணிப்பது வீண்; காற்றுப் புகாதபடி முழுவதும் அடைக்க வேண்டும்.

கணேசன்: ஆஸ்துமா உள்ள பையனைக் காற்றில்லாத அறையில் அடைக்கச் சொல்கிறாயா? நீ எப்போதும் பாதி யோசித்துவிட்டுத்தான் பேசுவாய்.

ரகு: அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் நிரந்தரமாகப் பூச வேண்டாம். 19 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை அளவாக வெட்டி, விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டி, நான்கு திருகாணியால் இறுக்கலாம். நாற்பது நிமிடம் வாசித்துவிட்டுக் கதவைத் திறந்து பத்து நிமிடம் காற்று விடட்டும். கார்த்திக், இன்றிரவு அறைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே இருட்டில் நின்று பார். வெளிச்சம் கசியும் இடத்திலெல்லாம் ஓசையும் கசியும்.

மஞ்சு: எங்கள் ஹாலில் நான் பாடினாலே கணீரென்று எதிரொலிக்கிறது. நாங்களும் பலகை அடிக்க வேண்டுமா சித்தப்பா?

ரகு: வேண்டாம் மஞ்சு, உன் பிரச்சினை வேறு. உன் ஹாலில் ஓசை உள்ளேயே சுற்றுகிறது. உனக்குக் கம்பளமும் கனமான திரைச்சீலையும் போதும். அவற்றால் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் தூங்கிவிட மாட்டார்.

கார்த்திக்: மாமா, பார்த்துவிட்டேன். வெண்டிலேட்டர் தவிர, கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் வருகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். சுவரோரம் உட்கார்ந்து மிருதங்கத்தின் தாழ்ந்த ஓசைப் பக்கமான தொப்பியைத் தட்டினால் கும்மென்று வீங்குகிறது, நடு அறையில் மெலிந்துவிடுகிறது. எது உண்மையான நாதம் என்றே தெரியவில்லை.

ரகு: நல்ல காது உனக்கு. அறை பத்துக்குப் பத்து என்பதால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே தாழ்சுருதி தங்கி, இரண்டும் சேர்ந்து வீங்குகிறது. மெல்லிய துணி இதைத் தொடாது. மூலைகளில் தடிமனான பஞ்சு வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி இரண்டு மூலைகளில் நிறுத்து. உனக்கு எதிர்ச்சுவரில் ரஜாயைச் சுவரோடு ஒட்டாமல் நான்கங்குலம் தள்ளித் தொங்கவிடு. மற்றச் சுவர்களை வெறுமையாகவே விடு. அறை முழுக்கச் செத்துப்போனால் நாதம் போதவில்லை என்று நீயே அறியாமல் ஓங்கி அடிப்பாய், விரல்தான் வலிக்கும்.

சுந்தரி: அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டும் அண்ணா வீட்டுப் பரணில்தானே இருக்கின்றன?

பாலு: இந்தக் கேள்வி வரும் என்று முதலிலேயே தெரியும்.

கணேசன்: அது உன் அண்ணியிடம் கேட்க வேண்டிய விஷயம். பாகம் பிரித்தபோது எழுதிக்கொண்டதை மறந்துவிடாதே.

சுந்தரி: இரண்டு மாதத்துக்கு இரவல்தான் கேட்கிறேன் அண்ணா.

ரகு: மெத்தை அறைக்குள் நாதத்துக்குத்தான், அது காத்திருக்கலாம். நாளை கதவடிக்கு ரப்பர் பட்டையும் வெண்டிலேட்டருக்குப் பலகையும் முதலில் போடுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பயனில்லை என்று என்னைத் திட்டாதீர்கள். இரண்டும் போட்ட பிறகும் தொப்பி கொஞ்சம் கேட்கும். தாழ்ந்த ஓசையை முழுதாக நிறுத்த அறைக்குள் இன்னொரு அறை கட்ட வேண்டும், அது மூவாயிரத்தில் ஆகாது.

சுந்தரி: அப்படியானால் நர்ஸம்மாவிடமே அவர் படுக்கையில் இருந்து கேட்டுச் சொல்லச் சொல்கிறேன். ஆசாரி நாளை வருவதாகச் சொன்னார், வந்தால் பார்க்கலாம்.

கணேசன்: பரணில் ஏற ஏணி இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்தால் அண்ணியிடம் பேசிப் பார்க்கிறேன்.