கட்டிய தவணை சிபில் அறிக்கையில் தவறியதாகப் பதிவாகியுள்ளது: மறுப்புக் கடிதம் எப்படி எழுதுவது?

கவிதா: வணக்கம். என் இருசக்கர வாகனக் கடனுக்கான மார்ச் மாதத் தவணை ரூ. 4,150, கெடு நாளான 5ஆம் தேதியே வங்கிக் கணக்கிலிருந்து தானியங்கிப் பற்று மூலம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் சிபில் அறிக்கையில் அந்த மாதக் கட்டத்தில் 026 என்று இருக்கிறது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருப்பதால் இதை உடனே திருத்த வேண்டும். கடிதத்தை யாருக்கு, எப்படி எழுதுவது?

சரவணன்: சிபில் தளத்தில் புகார் பதிவு செய்தாலே போதும், அவர்களே திருத்திவிடுவார்கள்.

ராமநாதன்: அங்கே பதிவதும் அவசியம்தான். ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் உறுதி செய்யாமல் சிபில் எதையும் மாற்றாது. நிறுவனம் "பதிவு சரியே" என்று பதில் அனுப்பினால் புகார் அத்துடன் முடிந்துவிடும். எனவே கடிதம் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் போக வேண்டும்.

அம்மா, 026 என்பதைக் கவனியுங்கள். அது தவணை தாமதமான நாள்களின் எண்ணிக்கை. மார்ச் 5 முதல் 31 வரை இருபத்தாறு நாள்கள். அதாவது மாத இறுதியிலும் அவர்கள் கணக்கில் உங்கள் பணம் வரவாகவில்லை. கடன் கணக்கு அறிக்கையை வாங்கி, அந்தத் தவணை எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கவிதா: பார்த்தேன், ஐயா. ஏப்ரல் 2 என்று இருக்கிறது.

ராமநாதன்: அப்படியானால் கடிதத்தின் மையம் அதுதான். இப்படி எழுதலாம்:

"எனது கடன் கணக்கின் மார்ச் தவணை ரூ. 4,150, மார்ச் 5 அன்று எனது வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. பரிவர்த்தனை எண்ணுடன் கூடிய வங்கி அறிக்கையை இணைத்துள்ளேன். தங்கள் கணக்கில் அது ஏப்ரல் 2 அன்றுதான் வரவு வைக்கப்பட்டதால், மார்ச் மாதத்துக்கு 26 நாள் தாமதம் எனத் தவறாக அறிவிக்கப்பட்டுள்ளது. வரவுத் தேதியை மார்ச் 5 எனத் திருத்தி, தாமதக் கட்டணம் விதித்திருந்தால் அதை நீக்கி, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் திருத்திய விவரத்தை அனுப்பி எனக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கோருகிறேன்."

மதிப்பெண்ணை உயர்த்தித் தருமாறு எழுத வேண்டாம். அது அவர்கள் கையில் இல்லை. அந்த ஒரு கட்டம் 000 ஆக வேண்டும் என்பதே கோரிக்கை.

பாத்திமா: எனக்கும் இதே தொல்லை. கடன் அட்டைப் பாக்கியைக் குறைத்துப் பேசி முடித்தேன்; இன்னும் 'செட்டில்டு' என்றே காட்டுகிறது.

ராமநாதன்: அது வேறு, அம்மா. குறைத்துக் கட்டியிருந்தால் அந்தப் பதிவு தவறன்று. மறுப்புக் கடிதத்தால் நீங்காது.

சரவணன்: தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் கிடைக்குமே?

ராமநாதன்: ஆம், புகார் பதிவான 30 நாளுக்குள் தீராவிட்டால், 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. நிறுவனம் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பாதிருந்தால் அதுவே தர வேண்டும். அனுப்பிய பிறகும் தாமதமானால் கடன் தகவல் நிறுவனம் தர வேண்டும். ஆகவே இரு இடத்துப் புகார் எண்களையும் பத்திரப்படுத்துங்கள். பிறகும் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

கவிதா: இன்றே அனுப்புகிறேன். 30 நாளுக்குள் வீட்டுக் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டியிருந்தால், கடிதத்தின் நகலைப் புதிய வங்கி ஏற்குமா?

ராமநாதன்: அது அந்தந்த வங்கியின் முடிவு. ஆயினும் வங்கி அறிக்கையுடன் நகலைக் கொடுத்து வையுங்கள்.