டீன் ஏஜ் கோபம்தானா, வேறு ஏதாவதா? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர்

ஒன்பதாம் வகுப்புப் பையன். சேட்டைக்காரன்தான், ஆனால் கெட்டவன் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் என் பீரியடில் மட்டும் ஆள் வேறு மாதிரி இருப்பான். கண் சொருகும், நாக்கு குழறும், கேள்வி கேட்டால் சும்மா சிரிப்பான். அரை மணி நேரம் போனால் தெளிந்துவிடுவான். அப்புறம் தலைவலி என்று பெஞ்சில் கவிழ்ந்துகொள்வான். காலையில் தமிழ் ஐயா வகுப்பில் நன்றாகப் பதில் சொல்கிறானாம். 'சத்துணவு சாப்பிட்ட மயக்கம் டீச்சர், இந்த வயசுல அப்படித்தான்' என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். சத்துணவு அமைப்பாளரைக் கேட்டால், அவன் கொஞ்ச நாளாகச் சாப்பிடவே வருவதில்லை என்கிறார்.

ஒரு நாள் நோட்டுப் பார்க்க அவன் பக்கத்தில் குனிந்தேன். சட்டைக் கை மடிப்பை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தான். சைக்கிள் கடை வாசனை. மூக்கைச் சுற்றியும் உதட்டோரமும் பொரிப்பொரியாக இருந்தது, பனி வெடிப்பு என்று எல்லோரும் நினைத்தது. பையில் பங்சர் ஒட்டும் சொல்யூஷன் டியூப். அவனிடம் சைக்கிளே கிடையாது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் என் மனதைவிட்டுப் போகவில்லை. பி.டி. சார் கத்திக்கொண்டே உள்ளே வர, பையன் எழுந்து ஓட, மைதானம் முழுக்கத் துரத்தல். கேட் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உதடெல்லாம் வெளுத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. பயத்தில் மூச்சு வாங்கியது என்றார்கள். அதுதானா? வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

திருப்பூர் அப்பா

டீச்சர், உங்கள் பையன் விஷயம் நிஜமாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் போதை என்று முத்திரை குத்தும் பழக்கத்தை நான் நேரில் பார்த்தவன்.

என் மகன் பிளஸ் ஒன். கண் சிவப்பு, வகுப்பில் தூக்கம், யாரோடும் பேச்சில்லை. பள்ளியில் இருந்து போன் வந்தது. போனால், தலைமையாசிரியர் அறையில் ஒரு சார் அவன் முகத்துக்கு நேராக மூக்கை வைத்து 'ஊதுடா' என்கிறார். வண்டியில் போகிறவனை போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வது போல. என்னைப் பார்த்ததும் அவன் கண்ணில் தண்ணீர்.

கண் டாக்டரிடம் போனோம். அலர்ஜி, அவன் கசக்கிக் கசக்கிச் சிவந்தது. தூக்கம் ஏன் என்றால், ராத்திரி இரண்டு மணி வரை போர்வைக்குள் போனில் கேம். இத்தனைக்கும் சாயங்காலம் கபடிக்கு ஒரு நாள் தவறியதில்லை, பழைய கூட்டாளிகளோடுதான் சுற்றினான், மார்க் கூடக் குறையவில்லை. வீட்டில் மட்டும்தான் ஊமை. அதைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்த சாரின் பாடத்தை அவன் படிப்பதில்லை.

மெடிக்கல் மாமா

இவ்வளவு குழப்பமே வேண்டாம். யூரின் கிட் வாங்குங்கள். ஆன்லைனிலும் கிடைக்கிறது. சிறுநீரை விட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும். வாய் பொய் சொல்லும், சிறுநீர் சொல்லாது. கஞ்சா எப்போதாவது இழுத்தவனுக்கு ஏறக்குறைய மூன்று நாள் வரை காட்டும், தினமும் இழுப்பவனுக்கு ஒரு மாதம் கூடக் காட்டும்.

என் அக்கா மகன், பதினாறு வயது, கதவைச் சாத்திக்கொண்டே இருந்தான். நான்தான் கிட் வாங்கிக் கொடுத்தேன். பட்டையில் இரண்டு கோடு, பளிச்சென்று. அதற்கு மேல் என்ன சாட்சி? மச்சான் பெல்ட்டை எடுத்துவிட்டார். பையன் சத்தியம் செய்தான், அழுதான், யார் நம்புவார்கள்? இப்போது வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் இல்லையா?

பெற்றோர்களுக்கு என் யோசனை: மாதம் ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், காலையில் முதல் சிறுநீர். பாத்ரூம் கதவைச் சாத்த விடாதீர்கள், தண்ணீர் கலப்பார்கள். பாக்கெட் மணியை நிறுத்துங்கள். போனை இரவு ஒன்பது மணிக்கு வாங்கி வையுங்கள். முடிந்தால் கதவின் தாழ்ப்பாளையே கழற்றிவிடுங்கள். எங்கள் காலத்தில் அறையே கிடையாது, கதவுக்கு எங்கே போவது.

வார்டு சிஸ்டர்

அரசு மருத்துவமனையில் போதை மீட்பு வார்டில் வேலை. முதலில் மெடிக்கல் மாமாவுக்கு. இரண்டு கோடு வந்தால் அந்தப் போதைப்பொருள் சிறுநீரில் இல்லை என்று அர்த்தம். கர்ப்பப் பரிசோதனை அட்டைக்கு நேர் எதிர். இதில் எடுத்திருந்தால்தான் ஒரு கோடு. கிட்டோடு வந்த தாளைப் படித்துப் பாருங்கள். பெல்ட்டை எடுக்கும் முன் படித்திருக்க வேண்டியது.

அந்தப் பட்டை எல்லாவற்றையும் பிடிக்கவும் பிடிக்காது. சொல்யூஷன், தின்னர், பெட்ரோல் மோந்தால் அதில் ஒன்றும் தெரியாது. டேபென்டடால் என்கிற வலி மாத்திரை, நம் ஊரில் பையன்கள் கையில் புழங்குகிறதே, அதுவும் அபின் வகைக்கான சாதாரணப் பட்டையில் பொதுவாகத் தெரியாது. மாறாக, கசகசா அரைத்த குருமாவை நிறையச் சாப்பிட்டவனுக்கு அபின் என்று காட்டிவிடலாம். சந்தேகத்துக்கு இடமான முடிவை லேபில் உறுதிசெய்யாமல் நாங்கள் நம்புவதில்லை.

டீச்சர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது வெறும் பயம் இல்லாமல் இருந்திருக்கலாம். இந்த வகை ஆவிகளை மோந்த நேரத்தில், பயந்தாலோ ஓடினாலோ ஊறும் அட்ரினலினுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். ஆரோக்கியமான பையன் முதல் தடவை மோந்தபோதே விழுந்து இறந்ததும் உண்டு. அதனால் கையும் களவுமாகப் பிடித்தாலும் கத்தக் கூடாது, துரத்தக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, உட்காரவைத்து, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே பக்கத்தில் இருங்கள். விழுந்துவிட்டால் உடனே 108, மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். பி.டி. சாரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது மணிக்கணக்குதான். காலையில் சரி, மதியம் ஆள் மாறுகிறான், அரை மணியில் தெளிகிறான், பிறகு தலைவலி. சொல்யூஷன் மயக்கம் அப்படித்தான், சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். வயசுக் கோபத்துக்கு அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், யாரோ திட்டியிருப்பார்கள், போனைப் பிடுங்கியிருப்பார்கள். நாக்கும் குழறாது, நடையும் தள்ளாடாது. திருப்பூர் அப்பா சொன்னதும் சரியான அடையாளம். வீட்டில் மட்டும் முறைத்துக்கொண்டு மைதானத்திலும் நண்பர்களிடமும் பழையபடி இருக்கிற பிள்ளையைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். விளையாட்டும் விட்டு, பழைய நண்பனும் விட்டு, சாப்பாடும் குறைந்து, எல்லாம் ஒரே சமயத்தில் மாறினால் கேட்க வேண்டும். அப்போதும் அது போதைதான் என்று இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனச்சோர்வாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தனியாக ஒரு பொரியை, ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். உதட்டை நக்கும் பழக்கத்தாலும் அப்படிப் பொரியும். அப்பா பங்சர் கடை வைத்திருந்தால் சட்டை நாறத்தான் செய்யும்.

மதுரை அம்மா

சிஸ்டர் டேபென்டடால் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகன் பாலிடெக்னிக் முதல் வருஷம். அடிக்கடி சளி. மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக விடுவான், கால் குடைகிறது என்பான், வயிற்றுப்போக்கு. ஆனால் காய்ச்சல் இருக்காது. சித்திரை வெயிலில் கை மயிர் சிலிர்த்து நிற்கும். நான் கஷாயம் வைத்துக் கொடுப்பேன். குடிக்காமல், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புவான். திரும்பி வந்தால் சளி போன இடம் தெரியாது. கலகலவென்று பேசிவிட்டு, அங்கங்கே சொறிந்துகொண்டு, பேசிக்கொண்டே தூங்கிவிடுவான். கடைக்குப் போய்வந்தால் போகிற சளி உண்டா என்று ஏன் கேட்கத் தோன்றவில்லையோ.

ஒரு ராத்திரி கரண்ட் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மகளுக்குக் கண்மணி பெரிதாக விரிந்திருந்தது, இருட்டில் எல்லோருக்கும் அப்படித்தானே. இவன் கண்ணில் மட்டும் கடுகு அளவு ஒரு புள்ளி. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சிகிச்சையில் இருக்கிறான். நடுவில் ஒரு முறை மறுபடி போய்வந்தான். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

கோமதி

என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். கோபம் வருகிறது, காலையில் கை நடுங்குகிறது. இதுவும் ஆரம்ப அறிகுறிதானா? என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவளும் இப்போது எரிந்து எரிந்து விழுகிறாள்.

வார்டு சிஸ்டர்

கோமதிம்மா, காலையில் கை நடுங்குவது ஆரம்பம் இல்லை, தாண்டிவிட்ட கட்டம். அவராகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். 14446 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் கேட்கலாம். மகளைப் பற்றி ஒன்று: குடிக்கிற வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் எரிந்து விழுந்தால், நான் முதலில் அவள் ராத்திரி தூங்குகிறாளா என்றுதான் கேட்பேன்.

மெடிக்கல் மாமா

சிஸ்டர், கிட்டோடு வந்த தாளைத் தூக்கிப் போட்டாயிற்று. நீங்கள் சொல்வது அந்தக் கம்பெனிக்குச் சரியாக இருக்கலாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எப்படிப் பார்த்தாலும் பையன் முழியே சரியில்லை.

திருப்பூர் அப்பா

முழி சரியில்லை என்றுதான் என் மகனையும் ஊதச் சொன்னார்கள். இன்னொரு கிட் வாங்கி, அந்தத் தாளை மச்சானிடம் படித்துக் காட்டுங்கள் சார். நூறு இருநூறு ரூபாய் போகட்டும்.

கணக்கு டீச்சர்

நன்றி சிஸ்டர். பி.டி. சாரிடம் சொன்னேன், நம்பவில்லை, டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார். இப்போது பிரச்சினை வேறு. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது, மற்ற பிள்ளைகளுக்குப் பரவுமாம். பையனுக்கு அம்மா மட்டும்தான், செங்கல் சூளை வேலை. சொல்யூஷன் விற்பது குற்றமும் இல்லை, கடைக்காரரிடம் என்ன கேட்பது? அந்த அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

வார்டு சிஸ்டர்

டி.சி. கொடுத்தால் அவனுக்கு நாள் முழுவதும் ஓய்வு, சூளைப் பக்கம் கேட்பாரும் இல்லை. 2019-இல் வெளிவந்த மத்திய அரசின் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்தது இந்த மோந்து பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். 10 முதல் 17 வயதுக்குள் 1.7 சதவீதம், பெரியவர்களில் 0.58. இதைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள், அவன் ஒருவனை அனுப்பினால் தீர்ந்துவிடாது என்று புரியலாம்.

அந்த அம்மாவிடம் 'போதை' என்று தொடங்காதீர்கள். பையன் மதியம் சாப்பிடுவதில்லை, தலைவலி என்கிறான், வீட்டில் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தையும் நீங்கள் பார்த்த நேரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அந்தத் தாளோடு வரச் சொல்லுங்கள், எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பையனிடம் தனியாகப் பேசும்போது, 'உன் செட்டில் யாராவது மோந்து பார்க்கிறார்களா' என்று முதலில் கேளுங்கள், அவனைப் பற்றிப் பிறகு. கூட்டமாக மோந்தானா, தனியாக இருக்கும்போதும் மோந்தானா என்பது எங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். தனியாக என்றால் அந்த வாரமே கூட்டி வாருங்கள்.

கணக்கு டீச்சர்

தனியாகத்தான் சிஸ்டர். சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பசிக்காமல் இருக்கும் என்று எவனோ சொல்லிக் கொடுத்தானாம். நாளைக்குச் சூளைக்கே போய் அம்மாவைப் பார்க்கிறேன், கூலி போகாத நேரமாகப் பார்த்து.