மேஜோ மாஷி பெரியம்மாவா, சித்தியா?

காகிதப்படகு:
வங்காளத்திலிருந்து ஒரு குடும்பக் கதையைத் தமிழாக்குகிறேன். வடகல்கத்தாவில் ஒரு கூட்டுக்குடும்பம், கதை சொல்பவள் சிறுமி. வீட்டில் ஜேட்டு, ஜேட்டிமா, காக்கு, காக்கிமா, விதவையான ஒரு பிஷி. அம்மா பக்கத்திலிருந்து மாமா, மேஜோ மாஷி, சோட்டோ மாஷி, அவர்களுடைய கணவர்களான மேஷோக்கள் வந்து போகிறார்கள். எல்லாரையும் சரியான தமிழ் உறவுப் பெயரில் எழுத வேண்டும். மேஜோ மாஷியைப் பெரியம்மா என்பதா, சித்தி என்பதா?

நேர்வகிடு:
இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஜேட்டு பெரியப்பா, அவர் மனைவி பெரியம்மா. காக்கு சித்தப்பா, காக்கிமா சித்தி. பிஷி அத்தை. மாமா மாமாதான். மாஷி சித்தி. இந்தியில் மௌசி என்பார்களே, அதேதான். ஒன்றுக்கு ஒன்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

லேக்மார்க்கெட்காரன்:
அப்பா பக்கத்துக்கு நேர்வகிடு சொன்னது சரி. அப்பாவுக்கு மூத்தவர் ஜேட்டு, இளையவர் காக்கு. நாம் பிரிக்கிற அதே இடத்தில்தான் அவர்களும் பிரிக்கிறார்கள். பிஷிக்கு அத்தை என்பதிலும் சிக்கல் இல்லை, ஏனென்றால் அப்பாவின் அக்காவா தங்கையா என்பதை இரண்டு மொழியுமே கேட்பதில்லை.

மாஷியில்தான் கதை மாறுகிறது. அம்மாவுக்கு மூத்தவளும் மாஷி, இளையவளும் மாஷி. முன்னால் வரும் போரோ, மேஜோ, ஷேஜோ, நொ, சோட்டோ எல்லாம் சகோதரிகளுக்குள் பிறந்த வரிசையைச் சொல்கின்றன. அந்த வரிசையில் அம்மாவுக்கும் ஓர் இடம் உண்டு. மேஜோ என்றால் இரண்டாவதாகப் பிறந்தவள், அவ்வளவுதான். அம்மா மூத்தவளாக இருந்தால் மேஜோ மாஷி நமக்குச் சித்தி. அம்மா மூன்றாவதோ நான்காவதோ என்றால் அதே மேஜோ மாஷி பெரியம்மா.

ஆகவே முதலில் அம்மாவின் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

நேர்வகிடு:
அதுவும் சுலபம்தானே. கதையில் போரோ மாஷி என்று யாரும் இல்லை. அப்படியானால் அம்மாதான் போரோ. மேஜோ மாஷி சித்தி. நான் சொன்னதுதான் வந்தது.

லேக்மார்க்கெட்காரன்:
அவசரப்படாதீர்கள். போரோ மாஷி இறந்துபோயிருக்கலாம், தன்பாதிலோ கட்டக்கிலோ வாழ்க்கைப்பட்டுப் போய்க் கதைக்குள் வராமலே இருக்கலாம். ஆள் இல்லாவிட்டாலும் வரிசை எண் மாறாது. இன்னொன்று, சில வீடுகளில் அம்மாவை எண்ணிக்கையில் சேர்க்காமல், மீதி இருப்பவர்களில் மூத்தவளையே போரோ மாஷி என்று குழந்தைகளுக்குப் பழக்கிவிடுவார்கள். அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

பிரதியிலேயே சாட்சி கிடைக்கும். மாமாவின் பிள்ளைகள் வருகிற காட்சி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அவர்களுக்கு இந்தச் சிறுமியின் அம்மா பிஷி. வெறும் பிஷி என்று கூப்பிட மாட்டார்கள், மேஜோ பிஷி, ஷேஜோ பிஷி என்று எண்ணோடுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் இடம் அங்கே அப்படியே கிடைத்துவிடும். அது இல்லையென்றால் சகோதரிகள் பேசிக்கொள்வதைப் பாருங்கள். அம்மா மேஜோ மாஷியை மேஜ்தி, அதாவது இரண்டாவது அக்கா என்கிறாளா, பெயர் சொல்லித் துய், அதாவது நீ போட்டுப் பேசுகிறாளா? பெயர் சொன்னால் அம்மா மூத்தவள். அதுவும் இல்லையென்றால் விஜயதசமிக் காட்சி. துர்கை சிலையைக் கரைத்த பிறகு இளையவர்கள் பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவார்கள். யார் குனிகிறாள் என்று பாருங்கள்.

மீனாட்சி_பாட்டி:
தம்பிகளா, நானும் இதையேதான் கேட்க நினைத்தேன். என் மருமகள் வங்காளிப் பெண். பேரன் அவளுடைய தங்கையை மாஷி என்கிறான், என் மகளை பிஷி என்கிறான். அத்தை என்று சொல்லடா என்றால் சிரிக்கிறான். மருமகளின் தங்கையை நான் எப்படிக் கூப்பிடுவது?

லேக்மார்க்கெட்காரன்:
பாட்டி, நீங்கள் பெயர் சொல்லியே கூப்பிடலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். உங்கள் பேரனுக்கு அந்தப் பெண் தமிழில் சித்தி. இங்கே பேசுவது கதை மொழிபெயர்ப்பைப் பற்றி.

எழுத்தாணி:
நான் வேறு பக்கம் நிற்கிறேன். தமிழ்ப் பெயரே வேண்டாம், காக்கிமா, மாஷி, மேஷோ என்று அப்படியே விடுங்கள். காரணம் சொல்கிறேன். தமிழில் காக்கிமாவும் சித்தி, சோட்டோ மாஷியும் சித்தி. காக்குவும் சித்தப்பா, சோட்டோ மாஷியின் கணவரும் சித்தப்பா. வங்காளிக்கு இவர்கள் நான்கு தனித்தனி ஆட்கள்.

கூட்டுக்குடும்பக் கதை என்றால் எங்காவது பாகப்பிரிவினை வரும். காக்கு அந்த வீட்டின் பங்காளி. வங்காளத்தில் தாயபாக முறை இருந்ததால் அண்ணன் தம்பி ஒவ்வொருவருக்கும் பங்கு இவ்வளவு என்று தீர்ந்திருக்கும், தன் பங்கை அவர் தனியாக விற்கவும் முடியும். மேஷோ வேறு வீட்டு மனிதர், அவருக்கு அங்கே ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. இப்போது "சித்தப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்" என்று நீங்கள் எழுதினால் எந்தச் சித்தப்பா? காட்சியே விழுந்துவிடும்.

யாழ்_தேவி:
அப்படியே விடுவதிலும் வில்லங்கம் இருக்கிறது. மாஷி என்பதை யாராவது மாசி என்று அச்சடித்துவிட்டால் எங்கள் ஊரில் சம்பலுக்குப் போடுகிற மாசிக் கருவாடுதான் நினைவுக்கு வரும்.

மாமாவின் மனைவிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? நாங்கள் அப்பாவின் சகோதரியையும் மாமி என்போம், மாமாவின் மனைவியையும் மாமி என்போம். வங்காளத்திலும் மாமி, மாமிமா என்கிறார்களே. அதையே வைத்துவிடலாமே.

எழுத்தாணி:
தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மாமி என்றவுடன் மடிசார்தான் கண்முன் வரும். நாங்கள் பெரும்பாலும் அத்தை என்போம். அப்புறம் பிஷியும் அத்தை, மாமிமாவும் அத்தை என்று இன்னொரு ஜோடி ஒட்டிக்கொள்ளும். பார்த்தீர்களா, எல்லா வழியும் என் பக்கமே வருகிறது.

யாழ்_தேவி:
மடிசார் உங்கள் ஊர்ப் பிரச்சினை. எங்களுக்கு மாமி என்றால் மாமிதான். வாசகர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்களா?

லேக்மார்க்கெட்காரன்:
எழுத்தாணி, ஆபத்து இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், மருந்தை ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்துக்குப் பத்து வங்காளச் சொல் வந்தால் சிறுமியின் குரல் போய்விடும். அவளுக்கு காக்கிமா வீட்டு மனுஷி, அந்நியச் சொல் இல்லை.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மதுரைச் சித்தி, திருச்சிப் பெரியப்பா என்று ஊரைச் சேர்க்கிறோம். சோட்டோ மாஷி பவானிப்பூரில் இருந்தால் அவள் பவானிப்பூர்ச் சித்தி, கணவர் பவானிப்பூர்ச் சித்தப்பா. வீட்டிலேயே இருக்கிற காக்கு வெறும் சித்தப்பா. பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தது யார் என்று வாசகர் தடுமாற மாட்டார்.

நேர்வகிடு:
ஊர்ப்பெயர் நல்ல யோசனை. ஆனால் சித்தி என்ற சொல்லுக்கே ஒரு வாடை உண்டு. மாற்றாந்தாயையும் சித்தி என்போம், சித்தி கொடுமை என்று எத்தனை கதை படித்திருக்கிறோம். காக்கிமாவைச் சின்னம்மா என்றும் மாஷியைச் சித்தி என்றும் பிரித்துக்கொண்டால் இரண்டும் தீருமே?

எழுத்தாணி:
எந்த ஊரில் அப்படிப் பிரித்துக் கூப்பிடுகிறார்கள்? ஒரே ஆளைச் சிலர் சின்னம்மா என்பார்கள், சிலர் சித்தி என்பார்கள். நீங்கள் உண்டாக்குகிற பிரிவு உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கும்.

லேக்மார்க்கெட்காரன்:
இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. காகிதப்படகு, அந்த பிஷிக்கு மகன் உண்டா?

காகிதப்படகு:
உண்டு. சிறுமியைவிட நான்கு வயது மூத்தவன். "பிஷ்துதோ தாதா" என்று வருகிறது. அத்தான் என்று போட்டிருக்கிறேன்.

லேக்மார்க்கெட்காரன்:
அதை உடனே எடுத்துவிடுங்கள். வங்காள இந்துக் குடும்பங்களில் அத்தை மகன், மாமன் மகள் எல்லாரும் உடன்பிறந்தவர் மாதிரி. கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. நமக்கு அத்தான் என்றால் முறை மாப்பிள்ளை. காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள் பாய் ஃபோட்டா வரும். சகோதரிகள் சகோதரர்களின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, எமன் வாசலில் முள் போட்டதாக ஒரு பாட்டுச் சொல்வார்கள். உங்கள் சிறுமி அந்தப் பையனுக்கும் பொட்டு வைப்பாள். அத்தானுக்கு வைக்கிறாள் என்று படித்தால் நம் வாசகர் அங்கே ஒரு காதல் கதையைத் தேட ஆரம்பிப்பார்.

அண்ணா என்று போடுங்கள். அறிமுகமாகும் இடத்தில் ஒரே ஒரு தடவை அத்தை பையன் என்று சொன்னால் போதும்.

நேர்வகிடு:
அத்தை பையனை அண்ணா என்பதா? காதில் இடிக்கிறதே. "சரியான தமிழ் உறவுப் பெயர்" என்றுதானே கேட்டார்.

எழுத்தாணி:
இதில் மட்டும் நான் லேக்மார்க்கெட்காரன் பக்கம். இடித்தால் இடிக்கட்டும். இடிக்கிற இடத்தில்தான் அது வேறு ஊர் என்று வாசகருக்குத் தெரியும்.

ஃபாத்திமா_எம்:
பங்களாதேஷ் முஸ்லிம் குடும்பக் கதையாக இருந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்பதை மறக்காதீர்கள். அங்கே அப்பாவின் சகோதரர் சாச்சா, அப்பாவின் சகோதரி பூபு, அம்மாவின் சகோதரி காலா. சாச்சா அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா என்று தெரியாது, அப்பா பக்கத்திலும் வரிசையைத் தேட வேண்டிவரும். அந்த வீடுகளில் பூபுவின் மகனைக் கட்டிக்கொள்ளத் தடையும் இல்லை. எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் சித்தப்பாவைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அந்தக் கதையை மொழிபெயர்க்கவே தேவைப்படாது.

காகிதப்படகு:
தேடிப் பார்த்தேன். ஏழாம் அத்தியாயத்தில் மாமா பையன் கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு ஓடிவந்து "ஷேஜோ பிஷி" என்று சிறுமியின் அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். அப்படியானால் அம்மா மூன்றாவது. மேஜோ மாஷி பெரியம்மா, சோட்டோ மாஷி சித்தி. மேஜோ மாஷியின் கணவரைப் பெரியப்பா ஆக்கினேன். ஜேட்டுவோடு மோதுகிறது, ஆகவே மாஷி வீட்டுக்காரர்களுக்கு ஊர்ப்பெயர் சேர்க்கிறேன். மாமாவின் மனைவியை இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னொரு சந்தேகம். "ரான்னார் மாஷி" என்று ஒருத்தி காலையில் வந்து மாலையில் போகிறாள். இவள் எத்தனையாவது?

லேக்மார்க்கெட்காரன்:
அவள் எந்த வரிசையிலும் இல்லை. ரான்னா என்றால் சமையல். வேலைக்கு வருகிற பெண்களையும் மரியாதைக்கு மாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல்கார அம்மா என்று எழுதுங்கள், சிறுமி கூப்பிடும் இடத்தில் அக்காவோ ஆயாவோ வயதைப் பார்த்துப் போடுங்கள்.

நேர்வகிடு:
ஷேஜோ மூன்றாவது, மேஜோ இரண்டாவது. சரி, அப்போது போரோ மாஷி எங்கே போனாள்?

காகிதப்படகு:
அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எட்டு அத்தியாயம் பாக்கி இருக்கிறது.