ரத்ததான முகாம் நோட்டீஸ்: டூ கலரா, மல்டிகலரா?

செல்வி அக்கா: நோட்டீஸுக்கு இரண்டு விலை வந்திருக்கிறது. ஏ5 அளவு, ஒரு பக்கம், 2000 பிரதி. நம் முக்கு அச்சகத்தில் சிவப்பு, கறுப்பு டூ கலர் 2300 ரூபாய். சிவகாசிக்கு அனுப்பி மல்டிகலரில் அடித்தால் பார்சலோடு 2450. கையில் இருப்பது 2500. எதைச் சொல்லட்டும்?

பிரகாஷ்: அக்கா, டூ கலருக்கு ரெண்டு பிளேட், மல்டிகலருக்கு நாலு பிளேட். அப்படியென்றால் டூ கலர் பாதி விலைதானே வரணும்? முக்கு அச்சகத்தில் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

மணி அண்ணன்: பிளேட் கணக்கு சரி தம்பி, ஆனால் அது மட்டும் விலை இல்லை. சிவகாசியில் நம் நோட்டீஸை ஒரே பெரிய ஷீட்டில் பத்துப் பதினைந்து பேருடைய வேலையோடு சேர்த்துப் போடுவார்கள். நாலு பிளேட் செலவும் அத்தனை பேருக்கும் பிரிந்துவிடும். இங்கே இரண்டு பிளேட்டும் நம் தலையில். இவருடையது சிங்கிள் கலர் மெஷின், அதனால் தாள் இரண்டு தடவை ஓடணும். இடையில் சிவப்பு மையைக் கழுவிவிட்டுக் கறுப்பு ஏற்றணும். அந்தக் கழுவும் கூலி 300 ரூபாய் உள்ளே இருக்கும்.

ராஜம் பெரியம்மா: நாலு கலர் என்றால் நாலு நிறம்தானே வரும்? நம் நோட்டீஸில் இருப்பதே ரெண்டு. மீதி ரெண்டுக்கு எதற்குக் காசு?

மணி அண்ணன்: இல்லை பெரியம்மா. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நாலையும் புள்ளி புள்ளியாகக் கலந்து எல்லா நிறமும் காட்டுவது அது. அதில் சிவப்பு என்று தனி மை கிடையாது. மெஜந்தா மேல் மஞ்சள் விழுந்தால்தான் சிவப்பு. டூ கலரில் சிவப்பு மையே டப்பாவிலிருந்து வருகிறது.

செல்வி அக்கா: பார்க்க வித்தியாசம் தெரியுமா அண்ணே?

மணி அண்ணன்: நம் டிசைனில் தெரியும். சிவப்புப் பட்டைக்குள் வெள்ளையில் பொடி எழுத்தாக "காலி வயிற்றோடு வர வேண்டாம்" என்று போட்டிருக்கிறோம். மல்டிகலரில் மெஜந்தாவும் மஞ்சளும் தலைமுடி அளவு விலகினாலே அந்த எழுத்தின் ஓரத்தில் ஒரு பக்கம் ரோஸ், மறுபக்கம் மஞ்சள் கசியும். தமிழில் சுழியும் புள்ளியும் சின்னது, முதலில் அடைவது அதுதான். பழைய மல்டிகலர் நோட்டீஸ் இருந்தால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே மையில் விலக ஒன்றுமில்லை. இன்னொன்று, சேர்ந்து ஓடும் ஷீட்டில் பக்கத்து வேலைக்காக மஞ்சளை ஏற்றினால் நம் சிவப்பு ஆரஞ்சாகத் திரும்பும். நமக்காக மட்டும் மாற்றச் சொல்ல முடியாது.

பிரகாஷ்: அப்போ முகாமுக்கு உதவுகிறவர் கடை லோகோ? அது நீலமும் பச்சையும்.

மணி அண்ணன்: டூ கலரில் அது கறுப்பில்தான் வரும். அவர் ஒப்புக்கொள்ளணும்.

ராஜம் பெரியம்மா: என் மகள் கல்யாணப் பத்திரிகை தங்க நிறத்தில் எவ்வளவு அழகாக வந்தது! அதுபோல ஒன்று போடலாமே.

மணி அண்ணன்: தங்க மைக்கு இன்னொரு பிளேட், இன்னொரு ஓட்டம் பெரியம்மா. இந்தக் காசுக்குள் வராது. ஆனால் செலவில்லாமல் மூன்றாவது நிறம் ஒன்று கிடைக்கும். அதே சிவப்பில் 20 சதவீதம் போட்டால் இளம் ரோஸ். அதே பிளேட்தான். பின்னணிக்கு அழகாக இருக்கும்.

செல்வி அக்கா: எனக்கு டூ கலர்தான் பிடித்திருக்கிறது. பைலை எப்படிக் கொடுப்பது? நான் செய்தது போனில்.

மணி அண்ணன்: அப்படியே கொடுத்தால் அவர்தான் பிரிக்கணும், அதற்குத் தனிக் காசு. நீயே இரண்டு பக்கமாகச் செய்துவிடு. ஒன்றில் சிவப்பில் வருவது மட்டும், மற்றதில் கறுப்பில் வருவது மட்டும். இரண்டையும் கறுப்பிலேயே வை. ரோஸ் வரும் இடம் மட்டும் 20 சதவீதக் கறுப்பு. பிளேட்டுக்கு நிறம் தெரியாது, எந்த மை ஏற்றுகிறோமோ அதுதான் நிறம். இரண்டு பக்கமும் ஒரே அளவு, நாலு மூலையிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி. அதை வைத்துத்தான் இரண்டாவது ஓட்டத்தைப் பொருத்துவார். ரோஸ் மேல் கறுப்பு எழுத்து வரும் இடத்தில் ரோஸை வெட்டாதே, அப்படியே மேலே ஏறட்டும். வெட்டினால் கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும்.

பிரகாஷ்: மஞ்சள் தாளில் கறுப்பு மட்டும் அடித்தால் இன்னும் குறையுமே?

மணி அண்ணன்: குறையும். ஒரு பிளேட், ஒரு ஓட்டம், கழுவும் கூலியும் இல்லை. ஆனால் தெருவில் எல்லா நோட்டீஸும் மஞ்சள்தான், ரத்தத் துளி கறுப்பில் வரும். எனக்கு மனமில்லை.

செல்வி அக்கா: பைலை இன்றிரவு பிரித்து வைக்கிறேன். லோகோ விஷயம் கடைக்காரரிடம் யார் பேசுவது?

பிரகாஷ்: நான் கேட்கிறேன் அக்கா. அவர் கலரில்தான் வேணும் என்றால்?

மணி அண்ணன்: அப்போ சிவகாசிதான். பொடி எழுத்தைப் பட்டையிலிருந்து எடுத்து வெள்ளையில் கறுப்பாக வைக்கணும். கேட்டுவிட்டுச் சொல், அதுவரை பிளேட் போடச் சொல்ல வேண்டாம். முக்கு அச்சகத்தில் வேறு யாருக்காவது சிவப்பு ஓடும் நாள் எது என்றும் விசாரித்து வை. அன்றைக்கே நம்முடையதையும் ஓட்டினால் கழுவும் கூலியில் குறைத்துக் கேட்கலாம்.