ராகி களி வீடியோ: தம்ப்நெயில் ஒண்ணு சொல்லுது, தலைப்பு ஒண்ணு சொல்லுது

நம்ம தர்மபுரி ராகி களிதான். தலைப்பு ‘ராகி களி கட்டி தட்டாம கிண்டுவது எப்படி’. தம்ப்நெயில்ல உருண்டையும் கீரைக் கடைசலும். கடைசலுக்காக வந்தவங்க அரை நிமிஷத்துல கிளம்பிடுறாங்க. ரிடென்ஷன் கோடு அங்கேயே சரியுது.

தலைப்பு அப்படியே இருக்கட்டும், படத்தை மாத்தலாம்னு யோசனை. கடைசலை எடுத்துட்டு, பிட்ட உருண்டையை வாழை இலையில வச்சு, வெள்ளை மாவுக்கட்டி இல்லாத உள்பக்கம் தெரியுற மாதிரி நெருக்கமா எடுக்கணும். எழுத்து ‘கட்டியே இல்ல’ மட்டும், இடது மேல். வலது கீழ் மூலையை வீடியோ நேரம் மறைச்சிடும்.

இல்லன்னா களிக்கோலால கிண்டுற பானையா? ஆனா கருத்த பானையில கருத்த களி, மேல ஆவி வேற. போன்ல சின்னதாக்கினா ஒண்ணும் புலப்படல. எதை வைக்கலாம், சொல்லுங்க.