பான், ஆதார் எல்லாம் கொடுத்த பிறகும் "பணம் எங்கிருந்து வந்தது" என்கிறார்கள்

கரூர் தறி
ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் மூணு வருஷமா கணக்கு இருக்கு. பான், ஆதார், செல்ஃபி எல்லாம் அப்பவே கொடுத்தாச்சு. போன வாரம் ஆறு லட்சம் போட்டு யுஎஸ்டிடிங்கற டாலர் காயின் வாங்கினேன். வெளி வாலட்டுக்கு அனுப்பப் போனா வித்டிராயலை நிறுத்திட்டாங்க. பணம் வந்த வழிக்கு ஆதாரம் கொடுன்னு மெயில். என் பணத்துக்கு நான் எதுக்குக் கணக்கு சொல்லணும்?

சாவி என் கையில்
ஆறு லட்சத்தை அவன் வீட்டுல வெச்சிட்டு, அவன்கிட்டயே அனுமதி கேட்டா இப்படித்தான் ஆகும். கேஒய்சி திருடனைப் பிடிக்க இல்ல ப்ரோ, நம்மைப் பிடிக்க. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சை ஹேக் பண்ணி 20 கோடி டாலருக்கு மேல எடுத்துட்டாங்களே, அங்க எல்லாருக்கும் கேஒய்சி முடிஞ்சிருந்தது. காப்பாத்துச்சா?

பழைய கவுன்டர்
வசீர்எக்ஸில் போனது வாலட் பாதுகாப்பு. பூட்டு உடைஞ்சதுக்கு வாட்ச்மேனோட வருகைப் பதிவேட்டைத் திட்டுற மாதிரி இருக்கு.

கரூர் தம்பி, ஒண்ணு கேக்கறேன். கணக்கு தொடங்கறப்போ ஆண்டு வருமானம்னு ஒரு கட்டம் வந்திருக்கும். அதுல என்ன டிக் பண்ணீங்க?

கரூர் தறி
ஞாபகம் இல்ல சார்... இப்ப ப்ரொஃபைல்ல பாத்தேன். "1–5 லட்சம்"னு இருக்கு. அப்ப ஏதோ ஒண்ணை அழுத்தினேன்.

பழைய கவுன்டர்
அதான் விஷயம். பேங்க்ல சந்தேகமான பரிவர்த்தனைக்கு அடிக்கற அலர்ட்டைப் பாக்குற மேஜையில ஒன்பது வருஷம் இருந்தேன், அதனால அந்தப் பக்கத் திரையில என்ன தெரிஞ்சிருக்கும்னு சொல்றேன். வருமானம் அஞ்சு லட்சத்துக்குள். மூணு வருஷமா மாசம் ரெண்டாயிரம், மூவாயிரம் வாங்கின ஆள். திடீர்னு ஒரே நாள்ல ஆறு லட்சம் உள்ள வருது, உடனே முழுசா யுஎஸ்டிடி, அடுத்து இதுவரை அனுப்பாத ஒரு வெளி வாலட். உங்களைத் தெரிஞ்சவங்களுக்கு இது சாதாரணம். திரையில பாக்கறவங்களுக்கு வாடகைக்கு விட்ட கணக்கு அச்சு அசலா இப்படித்தான் இருக்கும்.

சாவி என் கையில்
வாடகைக் கணக்கா? செல்ஃபி எடுத்தீங்க, பான் பாத்தீங்க, அப்புறமும் ஆள் யாருன்னு தெரியலைன்னா அந்தச் செல்ஃபி எதுக்கு?

பழைய கவுன்டர்
நல்ல கேள்வி, நேராவே சொல்றேன். கேமரா முன்னாடி தலையைத் திருப்பு, கண்ணைச் சிமிட்டுன்னு சொல்றது போட்டோவைக் காட்டி ஏமாத்தக் கூடாதுன்னுதான். ஆனா கணக்கை வாடகைக்கு விடறவன் சொந்த முகத்தைத்தான் காட்டுவான். பான் உண்மை, ஆதார் உண்மை, பேங்க் கணக்கும் அவன் பேர்லதான். எல்லாம் முடிஞ்சதும் சிம்மையும் பாஸ்வேர்டையும் ஐயாயிரமோ பத்தாயிரமோ வாங்கிட்டு இன்னொருத்தன் கையில கொடுத்துடுவான். ஆவணம் சரிபாக்கறதுல இவன் மாட்டவே மாட்டான்.

அதனால ரெண்டாவது பாதி தேவைப்படுது. சொன்ன வருமானத்துக்கும் ஓடுற பணத்துக்கும் பொருத்தம் இருக்கா, ஒரே போன்ல பத்து கணக்கு திறக்குதா, உள்ள வந்த பணம் பத்து நிமிஷம் கூடத் தங்காம வெளிய போகுதா. கரூர் தம்பி மாட்டினது இங்கதான். பான் கொடுத்தது "நீங்க யார்"ங்கறதுக்கு. இப்பக் கேக்கறது "இந்தப் பணம் யாருடையது"ங்கறதுக்கு. ரெண்டும் வேற.

நாமக்கல் லாரி
அய்யோ இதெல்லாம் எதுக்கு. ஐம்பதாயிரத்துக்குக் கீழ பிரிச்சுப் பிரிச்சு அனுப்பினா கேஒய்சியே வேண்டாம், சட்டத்துலயே இருக்கு.

பழைய கவுன்டர்
பாதி சரி. அந்த ஐம்பதாயிரம் விதியில இருக்கு, கணக்கே இல்லாம எப்பவாவது ஒரு பரிவர்த்தனை செய்ய வர்றவருக்கு. கணக்கு திறந்தீங்கன்னா ஒரு ரூபாய்னாலும் முதல் நாள்லயே சரிபாக்கணும். பிரிச்சு அனுப்பறது இன்னும் மோசம். 49,000, 49,500, 48,900னு வரிசையா வந்தா அலர்ட் அடிக்கவே அதுக்குத் தனியா ஒரு விதி வெச்சிருப்பாங்க. அந்த யோசனையை யாருக்கும் கொடுத்துடாதீங்க.

மயிலாப்பூர் மாமி
எனக்கு ஒண்ணு புரியல. நான் பங்குச் சந்தையில ஒருதடவை கேஒய்சி பண்ணினேன், அதை வெச்சே மூணு புரோக்கர்கிட்ட கணக்கு திறந்துட்டேன். யாரும் மறுபடி செல்ஃபி கேக்கலையே? எக்ஸ்சேஞ்ச்னா எல்லாம் ஒண்ணுதானே?

பழைய கவுன்டர்
மாமி, நீங்க சொல்றது செபி பக்கம். அங்க கேஆர்ஏன்னு பொதுப் பதிவேடு இருக்கு, ஒரு புரோக்கர் சரிபாத்ததை அடுத்தவர் எடுத்துக்கலாம். கிரிப்டோ செபி கீழ வராது. அவங்களை 2023 மார்ச் 7-ல நிதி அமைச்சகம் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தது. அதுலேர்ந்து அவங்க நிதிப் புலனாய்வுப் பிரிவுல பதிவு பண்ணணும், வாடிக்கையாளரைச் சரிபாக்கணும், சந்தேகம்னா அறிக்கை அனுப்பணும். பதிவே இல்லாம இங்க வியாபாரம் பண்ணினதுக்கு பைனான்ஸ்ங்கற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு 2024 ஜூன்ல 18.82 கோடி ரூபாய் அபராதம். தம்பியோட ஆறு லட்சத்துல அவங்களுக்குக் கிடைக்கற கமிஷன் சில ஆயிரம்தான். அதுக்காக யாரும் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டான்.

திருப்பூர் பனியன்
நான் கேஒய்சி பிடிக்காம டெலிகிராம்ல ஆளைப் பிடிச்சு வித்தவன். என் கதையைக் கேளுங்க. 48,000 ரூபாய்க்கு யுஎஸ்டிடி கொடுத்தேன், ஜிபேயில பணம் வந்துச்சு. அனுப்பினவர் பேர் வேற, நான் பேசின ஆள் பேர் வேற. "என் மச்சான் கணக்கு"ன்னான், விட்டுட்டேன். பதினோரு நாள் கழிச்சு ஏடிஎம்ல கார்டு வேலை செய்யல. பேங்க்ல கேட்டா வேற மாநில சைபர் கிரைம் போலீஸ் கடிதம். யாரையோ ஏமாத்தின பணம் ரெண்டு கை மாறி எங்கிட்ட வந்திருக்கு. தொழிலாளிங்களுக்குச் சம்பளம் போடற கணக்கு அது. நாலு மாசம் ஆச்சு, இன்னும் திறக்கல.

சாவி என் கையில்
பேங்க் கணக்கை முடக்கினது போலீஸ். குத்தம் கேஒய்சி இல்லாததுமேலயா?

திருப்பூர் பனியன்
ஆமா தம்பி. பணம் அனுப்பினவர் பேரும் யுஎஸ்டிடி வாங்கறவர் பேரும் ஒண்ணான்னு யாராவது நடுவுல பாத்திருந்தா அந்த 48,000 எங்கிட்ட வந்தே இருக்காது. நானே பாத்திருக்கணும், அது வேற.

பழைய கவுன்டர்
பேரைச் சொன்னீங்களே, நம்ம ஊர் ஆளுங்களுக்கு நிஜமான தலைவலி அங்கதான். கணக்கை இணைக்கறப்போ எக்ஸ்சேஞ்ச் உங்க பேங்குக்கு ஒரு ரூபாய் அனுப்பும். அந்த ஒரு ரூபாய் முக்கியமில்ல, கூடத் திரும்பி வர்ற கணக்குக்காரர் பேர்தான் முக்கியம். அதைப் பான்ல இருக்கிற பேரோட ஒப்பிடுவாங்க. வடக்கே அனேகமா எல்லாருக்கும் குடும்பப் பேர் உண்டு, பொருந்திடும். நமக்கு இனிஷியல். இப்படி வரும்:

```
PAN  : SELVAM MURUGESAN
BANK : SELVAM M
```

மென்பொருளுக்கு இது பாதிப் பொருத்தம். `M` முருகேசனா, மாணிக்கமா, மணியா? தமிழ்நாட்டுல `SELVAM M` எத்தனை பேர் இருப்பாங்க, அதுல வேறொருத்தர் கணக்காக்கூட இருக்கலாமே. அதனால "Name mismatch"னு தள்ளிடும், அப்புறம் மனுஷன் பாக்கற வரிசையில போய் நிக்கும். எக்ஸ்சேஞ்சோட சண்டை போடறதைவிட, பேங்க்ல ஒரு கடிதம் கொடுத்து பேரைப் பான்ல இருக்கிற மாதிரி விரிச்சு எழுதச் சொல்றது சுலபம். அதுவரைக்கும் பேரும் கணக்கு எண்ணும் தெரியற பாஸ்புக் முதல் பக்கத்தைக் கேட்டா கொடுங்க.

மயிலாப்பூர் மாமி
எங்க வீட்டுல ஆதார்ல அப்பா பேர், பான்ல ஆத்துக்காரர் பேர். அதான் என் பொண்ணுக்கு ரெண்டு தடவை திரும்பி வந்துதா! இப்பப் புரியறது.

சாவி என் கையில்
சரி சார், நீங்க சொல்ற திருடன் கதையெல்லாம் ஒத்துக்கறேன். இன்னொரு பக்கம் சொல்லுங்க. என் ஆதார், முகம், வீட்டு முகவரி, என்கிட்ட எவ்வளவு காயின் இருக்குங்கற கணக்கு, எல்லாம் ஒரே இடத்துல. 2025 மே மாசம் அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் காயின்பேஸே ஒத்துக்கிச்சு: வாடிக்கையாளர் சேவை ஆளுங்களுக்கு லஞ்சம் கொடுத்து விவரத்தை எடுத்துட்டாங்க. 69,461 பேர், அடையாள அட்டைப் படம் உட்பட. எடுத்தவங்க 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினாங்க. பாஸ்வேர்ட் போனா மாத்தலாம். முகம் போனா?

பழைய கவுன்டர்
இதுக்கு எங்கிட்ட நல்ல பதில் கிடையாது. இன்னும் மோசமானதையும் நானே சொல்றேன்: கணக்கை மூடினாலும் அடையாள ஆவணத்தை அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும்னு சட்டம். "டெலீட் பண்ணு"ன்னு நீங்க கேட்டாலும் பண்ண முடியாது. அதனாலதான் நாலு எக்ஸ்சேஞ்ச்ல சும்மா கணக்கு திறந்து வைக்காதீங்கன்னு சொல்வேன். ஆதார் கேட்டா கடைசி நாலு எண் மட்டும் தெரியற பிரதியை ஏத்துக்கறாங்களான்னு பாருங்க.

சாவி என் கையில்
அப்ப சட்டமே கசியறதுக்குக் கிடங்கு கட்டி வைக்குது. அதான் நான் சொல்றது.

பழைய கவுன்டர்
கிடங்கு வேணும், அதுக்குக் காவல் போதலை. நம்ம ரெண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்னு நினைக்கறேன்.

கரூர் தறி
சண்டைக்கு நடுவுல என் விஷயம். பணம் நிலம் வித்தது சார். பத்திரம் அப்பா பேர்ல. வித்த பணம் 14 லட்சம் அவர் கணக்குக்கு வந்துச்சு, அதுல ஆறை எனக்கு மாத்தினார். பத்திரத்தை மட்டும் அனுப்பினேன், "போதாது"ன்னு திரும்பிடுச்சு. என்ன காரணம்னு கேட்டா "ஆய்வில் உள்ளது"ன்னு ஒரே வரி. சாட்ல இருக்கிற பொண்ணும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது.

பழைய கவுன்டர்
அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. அதுக்குத் தெரிஞ்சிருக்கவும் வாய்ப்பில்ல. அலர்ட் மேல சந்தேக அறிக்கை போயிருந்தாலும் போகலைன்னாலும், அதை வாடிக்கையாளர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு விதி.

உங்க பத்திரம் ஏன் போதலைன்னா, அது அப்பாவுக்குப் பணம் வந்ததைத்தான் காட்டுது. உங்க கைக்கு வந்ததைக் காட்டல. சங்கிலியில எந்தக் கண்ணியும் விடுபடாம அனுப்புங்க: பத்திரம், அப்பா கணக்குல 14 லட்சம் வந்த பக்கம், அதே ஸ்டேட்மென்ட்ல ஆறு லட்சம் உங்களுக்குப் போன வரி, உங்க ஸ்டேட்மென்ட்ல அது வந்த வரி, அப்புறம் எக்ஸ்சேஞ்சுக்குப் போன வரி. "என் மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன்"னு அப்பா கையெழுத்துல ஒரு கடிதம். வெளி வாலட் உங்களுடையதுதான்னா அதையும் ஒரு வரி எழுதுங்க, அடுத்து அதைத்தான் கேப்பாங்க. வருமானக் கட்டத்தையும் சரி பண்ணிடுங்க.

கரூர் தறி
அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட்டை யாரோ ஒரு கம்பெனிக்கு அனுப்பணுமா? அவர் ஒத்துக்க மாட்டார் சார். நிலத்தை வித்ததுக்கே இன்னும் என்கிட்ட சரியாப் பேசறதில்ல.

சாவி என் கையில்
பாத்தீங்களா. இப்ப அவங்க அப்பாவும் கிடங்குக்குள்ள.

பழைய கவுன்டர்
மத்த வரிகளை மறைச்சுட்டு அந்த ரெண்டு வரி மட்டும் தெரியற மாதிரி அனுப்பிப் பாருங்க தம்பி. சிலர் ஏத்துப்பாங்க, சிலர் முழுப் பக்கம் கேப்பாங்க. பேங்க் முத்திரையோட வாங்கினா வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

கரூர் தறி
திங்கக்கிழமை பேங்க் போறேன். என்ன ஆச்சுன்னு இங்கயே எழுதறேன்.